‘கனெக்டட்’ என்கிறது ஆப்... கேட்கவில்லை என்கிறார் அத்தை!

மதுரையில் இருக்கும் என் அத்தைக்கு போன் மணி அடிக்கும் முன்பே போன் வருவது தெரிந்துவிடும். காது மெஷினுக்குள் ‘டிர்ர்... டிர்ர்...’ என்று ஒரு சத்தம் கேட்கும். அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவர் கூடத்துக்கு வந்து சேர்வதற்கும், அந்தப் பழைய பட்டன் போன் அலறத் தொடங்குவதற்கும் சரியாக இருக்கும்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் டி.வி. பக்கத்தில் செல்போனை வைத்திருந்தவர்கள் எல்லோரும் கேட்ட சத்தம்தான் அது. 2ஜி போன் தொடர்ச்சியாக அலையை அனுப்பாது. விட்டு விட்டு, விநாடிக்குச் சுமார் 217 முறை துடிக்கும். டவர் கூப்பிட்டதும் மணி அடிப்பதற்கு முன்பே போன் பதில் அனுப்பத் தொடங்கிவிடும். அந்தத் துடிப்பைக் காது மெஷினுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிகள் ஆன்டெனாபோல வாங்கிக்கொள்ளும். மெஷினின் வேலையே சின்னச் சத்தத்தைப் பெரிதாக்குவது. அதனால் இதையும் பெரிதாக்கிக் காதில் போட்டுவிடும். அத்தைக்கு அது இலவச அலாரம். ஆனால் பேச ஆரம்பித்த பிறகும் அதே இரைச்சல் எதிராளியின் குரல் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அந்த பட்டன் போன் போன வருடம் செத்துப்போனது. புதுசு வாங்கப் போனதில் ஆரம்பித்ததுதான் இந்தக் கதை.

அத்தைக்கு வயது 71. ஓய்வுபெற்ற ஆசிரியை. இரண்டு காதிலும் மெஷின், காதுக்குப் பின்னால் உட்காரும் வகை. கண்ணில் கிளாகோமா. ஓரப்பார்வை போய்விட்டது, நடுப்பார்வை மட்டும் மிச்சம். ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல இருக்கிறது என்பார்.

முதல் தடவை கூடப் போனது அவருடைய மகன். கடைப் பையன் கெட்டிக்காரன். “எல்லா போன்லயும் புளூடூத் இருக்கும்மா, மெஷினும் புளூடூத்துதான், கண்ண மூடிட்டு வாங்கலாம்” என்றிருக்கிறான். மெஷின் கம்பெனியின் ஆப்பை அங்கேயே இறக்கி, இணைத்தும் காட்டினான். திரையில் ‘கனெக்டட்’ என்று வந்தது. ஆப்பில் ஒலியைக் கூட்டினால் அத்தையின் காதில் கூடியது, குறைத்தால் குறைந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். கடையிலேயே இருப்பதில் பெரிய திரை, பதினெட்டாயிரம் ரூபாய்.

வீட்டுக்கு வந்து நான் போன் பண்ணினேன். அத்தை எடுத்தார். என் குரல் போனின் ஸ்பீக்கரில்தான் வந்தது. மெஷினுக்குள் ஒரு சொல்கூடப் போகவில்லை.

“அதான் கனெக்டட்னு போட்டிருக்கேடா, அப்புறம் ஏன் கேக்கல?” என்றார். நியாயமான கேள்வி.

ஆப்பும் மெஷினும் பேசிக்கொள்வது ஒரு வழி. போனில் வரும் குரல் மெஷினுக்குள் பாய்வது வேறு வழி. முதலாவதற்கு ‘ஒலியைக் கூட்டு’, ‘குறை’ என்று ஓரிரு கட்டளைகள் போனால் போதும். இன்றைய எந்த போனும் அதைச் செய்யும். இரண்டாவதற்கு, விட்டுப்போகாமல் ஓடும் ஒலியை இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். அதற்கு போனுக்குள் இருக்கும் புளூடூத் சிப்பும் அதன் மென்பொருளும் மெஷினின் மொழியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ‘கனெக்டட்’ என்ற சொல் முதல் வழிக்கு மட்டும் சாட்சி. கடையில் ஏமாறுகிறவர்களில் பெரும்பாலோர் ஏமாறும் இடம் இதுதான்.

மெஷின்களின் மொழி ஒன்றல்ல. ஐபோனுக்கென்று ஆப்பிள் வகுத்தது ஒன்று, 2013-14 வாக்கில் மெஷின்களில் வரத் தொடங்கியது. ஆண்ட்ராய்டுக்கு கூகுள் 2018-ல் அறிவித்து, ஆண்ட்ராய்டு 10-ல் இருந்து உள்ளே வைத்தது ‘ஆஷா’. நம் ஊரில் ஆஷா என்றால் சுகாதாரப் பணியாளர் நினைவுக்கு வருவார், இது வேறு ஆஷா. மூன்றாவது, எல்லா போனும் எல்லா ஹெட்செட்டும் பேசும் பழைய புளூடூத். ஃபோனாக் நிறுவனத்தின் பல மெஷின்கள் இந்த வழியில் போவதால் பட்டன் போனில்கூட இணைகின்றன. நான்காவது 2020-ல் அறிவிக்கப்பட்ட எல்.இ. ஆடியோ. கடைசியில் எல்லோரும் இதற்குத்தான் வந்து சேர்வார்கள் போலிருக்கிறது. ஆனால் இன்றைக்கு மெஷின், போன் இரண்டிலும் அது இருந்தால்தான் பயன்.

அத்தையின் மெஷின் ஐபோன் மொழியும் ஆஷாவும் தெரிந்தது. வாங்கிய போன் ஆண்ட்ராய்டு 12. பதிப்பு எண்ணைப் பார்த்தால் ஆஷா இருக்க வேண்டும். ஆனால் கூகுள் வழி திறந்து வைத்திருக்கிறது என்பதற்காக ஒவ்வொரு போன் கம்பெனியும் அந்த வழியில் நடந்தாக வேண்டும் என்றில்லை. விலை குறைந்த மாடல்களில் இதை விட்டுவிடுவது சகஜம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. போனில் Settings திறந்து Accessibility-க்குள் போனால், Hearing devices என்றோ Hearing aids என்றோ ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில், சிப்பும் மென்பொருளும் கைகொடுத்தால்தான் அந்த வரியே தலைகாட்டும். அத்தையின் புது போனில் அந்த வரி இல்லை. பதினெட்டாயிரமும் போனது, ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போனது. பெட்டியைப் பிரித்த போனைக் கடை திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

பெட்டியில் இல்லாத எண்

இது பெட்டியிலேயே எழுதியிருக்கக் கூடாதா என்று தோன்றும். அமெரிக்காவில் கிட்டத்தட்ட எழுதியிருக்கும். அங்கே 1988-ல் வந்த சட்டம் தொலைபேசிகள் காது மெஷினோடு ஒத்துப்போக வேண்டும் என்றது, ஆனால் செல்போனுக்கு விலக்கு அளித்தது. அப்போது அது காரில் வைக்கும் பணக்காரப் பொருள். அந்த விலக்கை 2003-ல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் தளர்த்தியது. அதன்பின் போன்களுக்கு M, T என்று இரண்டு மதிப்பெண்கள் வந்தன. M என்பது மெஷினின் மைக் வழியாகக் கேட்பவர்களுக்கு, அதாவது அத்தை கேட்ட ‘டிர்ர்’ எவ்வளவு குறைவு என்பதற்கு. T என்பது டெலிகாயில் என்ற கம்பிச் சுருள் வழியாகக் கேட்பவர்களுக்கு. ஒன்று முதல் நான்கு வரை போடுவார்கள். மூன்றோ அதற்கு மேலோ வாங்கினால் தேர்ச்சி.

இதில் ஒரு நுட்பம் எனக்குப் பிடித்தது. மெஷினுக்கும் இதேபோல மதிப்பெண் உண்டு. இரண்டையும் கூட்ட வேண்டும். நான்கு வந்தால் ஏதோ சமாளிக்கலாம், ஐந்து வந்தால் சாதாரணமாகப் பேசலாம், ஆறு வந்தால் அருமை. மெஷின் M2 என்றால் M3 போன் போதும். ஒத்துப்போவது என்பது ஜாதகப் பொருத்தம் மாதிரி, ஒருவர் ஜாதகத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பிறகு வந்த புதிய தர அளவுகோல் இந்த எண்களைக் கைவிட்டு, ஒலியைப் போதுமான அளவு கூட்ட முடிகிறதா என்பதையும் சேர்த்துத் தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டும் சொல்கிறது. 2024 அக்டோபரில் அந்த ஆணையம் இன்னும் ஒரு படி போய், குறிப்பிட்ட அவகாசத்துக்குப் பிறகு அங்கே விற்கப்படும் அத்தனை செல்போனும் மெஷினோடு ஒத்துப்போயாக வேண்டும் என்று முடிவெடுத்தது.

நம் ஊர்ப் பெட்டிகளில் பெரும்பாலும் இந்த எண்களைப் பார்க்க முடியாது. *#07# அடித்தால் கதிர்வீச்சு அளவு வரும், அதற்கு விதி இருக்கிறது. காதுக்கு அப்படி ஓர் எண் வராது. இணையத்தில் அமெரிக்கப் பட்டியலைப் பார்த்து அதே பெயருள்ள போனை இங்கே வாங்குவதும் ஆபத்து. பெயர் ஒன்றாக இருக்கும், மாடல் எண் வேறாக இருக்கும், உள்ளே இருக்கும் பாகங்களும் சில சமயம் வேறாக இருக்கும். ஆக, நாமே கடையில் நின்று சோதிப்பதுதான் ஒரே வழி.

போனைக் காதில் வைக்காதீர்கள்!

இரண்டாவது தடவை நானே கூடப் போனேன், வேறு கடைக்கு. மெஷினுக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டோம். பழுப்பு நிற ஸ்டிக்கர் ஒட்டிய 312 எண் பேட்டரி அது. பேட்டரி தீரும் நிலையில் இருந்தால் புளூடூத் அறுந்து அறுந்து வரும், நாம் போனைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். அத்தையின் சிம் கார்டையும் டெமோ போனில் போடச் சொன்னேன். கடைக்காரர் முகம் சுளித்தார். முதல் கடையில் பட்ட பாட்டைச் சொன்னதும் போட்டார்.

முதல் சோதனைக்குப் புளூடூத்தே வேண்டாம். சாதாரணமாகக் கூப்பிட்டு, போனைக் காதில் வைத்துப் பேசச் சொன்னேன். அத்தை காலம் காலமாக வைப்பதுபோல போனைக் காது ஓட்டைமேல் அழுத்தினார். ‘கீ...’ என்று விசில். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மெஷின் காதுக்குள் அனுப்பும் ஒலி கொஞ்சம் வெளியே கசியும். போனின் கண்ணாடி அந்தக் கசிவை மெஷினின் மைக்குக்கே திருப்பி அனுப்பும். மைக் அதை மறுபடி பெரிதாக்கும். கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கர் முன்னால் பிடித்தால் வருமே, அதே ஊளைதான். காதுக்குப் பின்னால் உட்காரும் மெஷினில் மைக் இருப்பது காது ஓட்டையில் அல்ல, காதின் உச்சியில். போனின் கேட்கும் முனையைக் காதின் மேல்விளிம்புக்கு உயர்த்தி, ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்கச் சொன்னேன். விசில் நின்றது, குரல் தெளிந்தது. “இத்தன வருஷமா இத யாருமே சொல்லலையேடா!” என்றார். மெஷின் மாட்டிய அன்றே ஆடியாலஜிஸ்ட் சொல்லியிருக்க வேண்டியது.

அடுத்தது டெலிகாயில். சில மெஷின்களுக்குள் ஒரு சிறு கம்பிச் சுருள் இருக்கும். ஸ்பீக்கரில் ஒலியோடு சேர்ந்து மெல்லிய காந்தப்புலமும் எழும். சுருள் அந்தக் காந்தப்புலத்தை நேராக வாங்கிக்கொள்ளும். மெஷினை T நிலைக்கு மாற்றினால் மைக் அணைந்துவிடும். அதனால் விசிலும் இல்லை, சுற்றியுள்ள சந்தைச் சத்தமும் இல்லை. ஆனால் மூன்று தடைகள் உண்டு. காதுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும் சின்ன மெஷின்களில் சுருளுக்கு இடமே இருக்காது. சுருள் இருந்தாலும் அந்த நிலையை ஆடியாலஜிஸ்ட் கணினியில் திறந்துவிட்டிருக்க வேண்டும். போனிலும் அழைப்பு அமைப்புகளுக்குள் Hearing aids என்ற சுவிட்ச் இருந்தால் அதைப் போட வேண்டும். T நிலையில் எங்கே குரல் பலமாகக் கேட்கிறது என்று போனை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தித் தேட வேண்டும். பழைய சோக் போட்ட டியூப் லைட்டோ ஸ்டெபிலைசரோ பக்கத்தில் இருந்தால் ‘உம்ம்’ என்ற முனகல் கேட்கும். அது போனின் குற்றமல்ல, நாலடி தள்ளி நின்றால் போய்விடும்.

டெலிகாயில் இருப்பவர்களுக்கு ஒரு சிக்கனமான வழி உண்டு. கழுத்தில் மாலைபோல மாட்டும் கம்பி வளையத்தை போனின் 3.5 மி.மீ. இயர்போன் துளையில் செருகினால் போதும். எந்த மொழிச் சண்டையும் இல்லை. இதற்காகவே அந்தத் துளை உள்ள போனாகத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. துளை இல்லாத போனுக்கு அடாப்டர் வாங்கினால், அதே கடையில் செருகிப் பார்க்காமல் வெளியே வராதீர்கள். சில போன்கள் சில அடாப்டர்களைக் கண்டுகொள்வதே இல்லை.

அத்தையின் மெஷினில் சுருள் இல்லை. எனவே புளூடூத்துக்கு வந்தோம்.

Accessibility-க்குள் Hearing devices இருந்தது. இணைக்கவும் இந்த இடத்தில்தான் போக வேண்டும், வழக்கமான புளூடூத் பட்டியலில் அல்ல. பேட்டரிக் கதவைத் திறந்து மூடினால் மெஷின் சுமார் மூன்று நிமிடம் மட்டுமே புது போனைத் தேடும். அதற்குள் பிடிக்க வேண்டும். சார்ஜ் ஏற்றும் மெஷின் என்றால் சார்ஜரில் வைத்து எடுக்க வேண்டும். முதலில் வலது காது வந்தது, இடது வரவில்லை. அத்தையின் கைப்பையில் அந்தப் பதினெட்டாயிரம் ரூபாய் போன் விழித்துக்கொண்டிருந்தது. மெஷின் முதலில் அதைத்தான் தேடிப் போயிருந்தது. அந்த போனின் புளூடூத்தை அணைத்து, இடது மெஷினை மறுபடி திறந்து மூடியதும் இரண்டும் வந்தன.

நான் தெருவுக்கு இறங்கிப் போய்க் கூப்பிட்டேன். அத்தை எடுத்தார். “உன் கொரல் தலைக்குள்ள கேக்குதுடா!”

அதோடு விடவில்லை. வாட்ஸ்அப் அழைப்பிலும் கூப்பிட்டுப் பார்த்தேன், அது சில சமயம் வேறு வழியில் போய் ஸ்பீக்கருக்கு ஓடிவிடும். இரண்டு அழைப்பையும் ஐந்து நிமிடமாவது இழுத்தேன். முதல் நிமிடம் நன்றாக இருந்து மூன்றாவது நிமிடத்தில் ஒரு காது மட்டும் அறுந்துபோகும் ஜோடிகள் உண்டு.

கடையில் தெரியாத ஒன்று வீட்டில் தெரிந்தது. ஆஷாவில் ஒலி போனிலிருந்து மெஷினுக்கு மட்டும்தான் போகும். நாம் பேசுவதை போனின் மைக்தான் வாங்க வேண்டும். கூடத்தில் போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அத்தை பேசினால், அவருக்கு எல்லாம் தெளிவாகக் கேட்கிறது, எதிராளிக்கு ஃபேன் சத்தம்தான் கேட்கிறது. ‘ஹலோ... ஹலோ...’ என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறார்கள். மெஷினின் மைக்கிலேயே பேசும் வசதி, ஐபோன் 11-உம் அதற்குப் பிந்தைய மாடல்களோடும் குறிப்பிட்ட சில மெஷின்களுக்கும், பழைய புளூடூத்தில் இயங்கும் பல மெஷின்களுக்கும் உண்டு. கை வேலையாக இருப்பவர் என்றால் இதை முன்னாலேயே கேட்டு வாங்குவது நல்லது. அத்தை இப்போது போனை ஒரு சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்கிறார்.

பெரிய திரை யாருக்கு?

கண் தெரியாதவருக்குப் பெரிய திரை, பெரிய எழுத்து என்பது கடைக்காரர்களின் மந்திரம். முதல் போனில் அத்தை தடுமாறியதற்கு அதுவும் ஒரு காரணம். குழாய் வழியாகப் பார்க்கிறவருக்கு எழுத்தைப் பெரிதாக்கினால், ஒரு பார்வையில் மூன்று எழுத்துதான் அடங்கும். மீதி குழாய்க்கு வெளியே போய்விடும். திரை பெரிதாக ஆக, பட்டன் எந்த மூலையில் இருக்கிறது என்று கண் தேடி அலையும். பெரிய எழுத்து உதவுவது நடுப்பார்வை மங்கி, ஓரப்பார்வை மிச்சமிருக்கும் விழித்திரைக் கோளாறுகளில். அத்தைக்குத் தேவைப்பட்டது சின்ன திரை, நடுத்தர எழுத்து, கறுப்புப் பின்னணியில் வெள்ளை. கடையிலேயே மூன்று அளவில் ஒரே குறுஞ்செய்தியைப் படிக்க வைத்து நேரம் பார்த்தேன். சின்ன திரையில்தான் சீக்கிரம் படித்தார்.

கைரேகைக்குத் திரைக்கு அடியில் சென்சார் வைத்த போனை ஒதுக்கினோம். வழவழ கண்ணாடியில் எந்த இடம் என்று விரலுக்கு எப்படித் தெரியும்? பழைய பட்டன் போனில் ஐந்தாம் எண் மேல் ஒரு புள்ளி இருக்கும். விரல் அங்கே போய் உட்கார்ந்தால் மற்ற எண்கள் தானாக வரும். அதற்கு ஈடாக இன்று இருப்பது, பக்கவாட்டு பவர் பட்டனிலேயே கைரேகை சென்சார். பட்டனுக்கு மேடோ பள்ளமோ இருக்க வேண்டும். ஒலி பட்டன்களையும் அழுத்திப் பார்த்தோம். இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால்தான் டாக்பேக் என்ற திரைவாசிப்பு எழும். இந்தக் குறுக்குவழியை முதல் தடவை உறுதிசெய்து வைத்துக்கொள்ள வேண்டும். தடித்த ரப்பர் உறை போட்டபோது இரண்டு பட்டனையும் அத்தையால் அழுத்தவே முடியவில்லை. உறை மாறியது, போன் மாறவில்லை. பவர் பட்டனுக்கு நேராக உறையில் அத்தை ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொண்டார். டி.வி. ரிமோட்டில் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறார்.

காதும் கண்ணும் சேர்ந்து குறைந்தவருக்கு இன்னொரு சிக்கல் வரும். டாக்பேக் பேசுவதும் மெஷினுக்குள்தான், அழைப்பவர் பேசுவதும் மெஷினுக்குள்தான். போதாக்குறைக்கு புளூடூத் வழி வரும்போது டாக்பேக் ஒரு கணம் பிந்தும். விரல் ஒரு பட்டனில் இருக்கும், குரல் முந்தைய பட்டனைச் சொல்லிக்கொண்டிருக்கும். வேகமாகத் தடவினால் தப்பான பெயரில் நின்றுவிடும். எதை எங்கே அனுப்புவது என்று பிரிக்கும் வசதி ஆண்ட்ராய்டு 14-ல் இருந்து Hearing devices பக்கத்திலேயே இருக்கிறது. அழைப்பின் குரலை மெஷினுக்கும், மணியையும் மற்றச் சத்தங்களையும் போனின் ஸ்பீக்கருக்கும் பிரித்துவிட்டோம். டாக்பேக் அத்தைக்குத் தினமும் வேண்டாம், கண் அசந்துபோகும் மாலையில் மட்டும் போட்டுக்கொள்கிறார்.

இரண்டு மாதம் ஆகிவிட்டது. போன வாரம் கூப்பிட்டேன். நான்கு தடவை முழுக்க மணி அடித்த பிறகு எடுத்தார், மூச்சு வாங்கிக்கொண்டு. போன் பூஜை ரூமில் இருந்ததாம்.

“கேக்குறதெல்லாம் பிரமாதமா கேக்குதுடா. ஆனா போன் வர்றது முன்னாடியே தெரிய மாட்டேங்குது. அந்த டிர்ர்ர வெக்க முடியுமான்னு கேட்டுச் சொல்லு.”